தனியாள் சமூகப்பணிப் பதிவேடு

தனியாள் சமூகப்பணிப் பதிவேடு என்பது, உதவி நாடி வரும் ஒருவருடன் சமூகப் பணியாளர் மேற்கொள்ளும் பணியை முதல் சந்திப்பிலிருந்து முடிவு வரை எழுதிவைக்கும் ஆவணம் ஆகும். மருத்துவமனை, பள்ளி, சிறார் இல்லம் போன்ற இடங்களில் இது பேச்சுவழக்கில் 'கேஸ் ஷீட்' எனப்படுகிறது. சமூகப்பணி மாணவர்கள் வகுப்பில் கேட்கும் விரிவுரையின் கருத்துகள் களப்பணியில் இந்தப் பதிவேட்டின் வழியாகவே பயன்பாட்டுக்கு வருகின்றன. அதற்கு ஒவ்வொரு கருத்தையும் பணியாளர் விடை எழுத வேண்டிய கேள்வியாக மாற்ற வேண்டும்.

விரிவுரையிலிருந்து படிவத்திற்கு

தனியாள் சமூகப்பணி பற்றிய அறிமுக விரிவுரைகளில் பெரும்பாலும் மூன்று நூலாசிரியர்களின் கருத்துகள் இடம்பெறும். அம்மூன்றிலிருந்தும் படிவத்தின் பகுதிகளைப் பெறலாம்.

மேரி ரிச்மண்ட் 1917 இல் வெளியிட்ட 'சோஷியல் டயக்னோசிஸ்' நூலில், ஒருவரது நிலையைப் பற்றி முடிவுக்கு வருமுன் அதற்கான சான்றுகளை எடைபோட வேண்டும் என்பதை விரிவாக விளக்கினார். நேரில் கண்டது, பிறர் சொன்னது, சூழ்நிலையிலிருந்து ஊகித்தது ஆகியவை ஒரே மதிப்புடையவை அல்ல. எனவே படிவத்தில் ஒவ்வொரு செய்திக்கும் 'இது எப்படித் தெரியும்?' என்ற கேள்வி இடம்பெறுகிறது.

ஹெலன் ஹாரிஸ் பெர்ல்மன் 1957 இல் எழுதிய நூலில், சிக்கலோடு வரும் ஒரு நபர், உதவி கிடைக்கும் ஓர் இடம், அங்கு நடைபெறும் ஒரு செயல்முறை ஆகிய நான்கு கூறுகளைக் கொண்டு தனியாள் பணியை விளக்கினார். இவற்றிலிருந்து 'யார் வந்திருக்கிறார்?', 'அவர் எதைச் சிக்கல் என்கிறார்?', 'இந்த நிறுவனத்தால் எதைச் செய்ய முடியும்?', 'இதுவரை என்ன நடந்தது?' என்ற நான்கு கேள்விகள் கிடைக்கின்றன.

அதே 1957 இல் ஃபீலிக்ஸ் பீஸ்டெக் வகுத்த ஏழு நெறிகளுள் தீர்ப்பிடாமை, தன்முடிவு உரிமை, இரகசியம் காத்தல் ஆகிய மூன்றும் எழுதும் முறையை நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. தன்முடிவு உரிமைக்காக, திட்டம் எழுதும் பகுதியில் 'இதில் அவருடைய விருப்பம் என்ன?' என்ற கேள்வி சேர்க்கப்படுகிறது.

படிவத்தின் பகுதிகள்

1. அடையாளம்: பதிவு எண், வயது, தொழில், யார் அனுப்பினார்.
2. சிக்கல்: அனுப்பியவர் சொன்னது ஒரு வரியில், வந்தவர் சொன்னது தனி வரியில்.
3. செய்திகள்: சொன்னது, பார்த்தது, ஆவணத்தில் உள்ளது எனப் பிரித்து.
4. மதிப்பீடு: பணியாளரின் கணிப்பும், அதற்கு ஆதாரமான செய்தியும்.
5. திட்டம்: யார், எதை, எந்த நாளுக்குள் செய்வது, அவருடைய விருப்பம்.
6. மறுஆய்வு: திட்டமிட்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை.

மூன்றாம் பகுதியையும் நான்காம் பகுதியையும் கலக்காமல் எழுதுவதே இப்படிவத்தின் அடிப்படை விதியாகும்.

மாதிரிப் பதிவுகள்

பின்வருவது கற்பனையான எடுத்துக்காட்டு. காசநோய் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திய ஒருவர், அரசு மருத்துவமனையில் களப்பணி செய்யும் மாணவரிடம் அனுப்பப்படுகிறார்.

*முதல் சந்திப்பு*

அடையாளம்: எண் 07. ஆண், வயது 42. காய்கறிச் சந்தையில் சுமை தூக்குபவர். மனைவியுடன் வந்தார். அனுப்பியவர்: காசநோய்ப் பிரிவு.

சிக்கல் (அனுப்பியவர் சொன்னது): 12 நாட்களாக மாத்திரை எடுக்கவில்லை.

சிக்கல் (வந்தவர் சொன்னது): "மாத்திரை போட்டா ஒண்ணுக்கு சிவப்பா போகுது. ஈரல் கெட்டுப்போச்சுன்னு கூட வேலை பாக்குறவர் சொன்னாரு. அதுக்கப்புறம் நிறுத்திட்டேன்."

சொன்னது (மனைவி): "விடிகாலை மூணரை மணிக்கு வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுட்டு மூட்டை தூக்கப் போவாரு. பாதி நாள் வாந்தி."

பார்த்தது: பேசும்போது இருமுறை கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திப் பேசினார்.

ஆவணம்: சிகிச்சை அட்டையின்படி முதல் 38 நாட்கள் தவறாமல் மாத்திரை எடுத்திருக்கிறார்.

மாணவர் முதலில் எழுதிய மதிப்பீடு: "நோயாளி பொறுப்பற்றவர். நோயின் தீவிரத்தை உணரவில்லை."

இந்த மதிப்பீட்டுக்கு மூன்றாம் பகுதியில் ஆதாரம் எதுவும் இல்லை. 38 நாட்கள் தவறாமல் எடுத்தார் என்ற ஆவணச் செய்தி இதற்கு நேர்மாறானது. இப்பதிவு இப்படியே நின்றால், அடுத்து வரும் பணியாளர் அவருக்கு அறிவுரை மட்டும் சொல்லி அனுப்பிவிடக்கூடும். மேற்பார்வையாளர் 'எந்த வரியிலிருந்து இது தெரிந்தது?' என்று கேட்ட பின் மாணவர் திருத்தி எழுதியது:

"சிகிச்சையில் அக்கறை உள்ளவர் (38 நாட்கள் தவறவில்லை). நிறுத்தியதற்கு அவர் சொல்லும் காரணம் ஈரல் பற்றிய அச்சம். வாந்தியும் காரணமாக இருக்கலாம் (மனைவி சொன்னது). பிறர் அறிந்துவிடுவார்கள் என்ற கவலை இருக்கக்கூடும் (குரலைத் தாழ்த்தியது). இது உறுதியில்லை, அடுத்த முறை கேட்க வேண்டும்."

திட்டம்: (அ) இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, மாணவர். (ஆ) மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றலாமா என மருத்துவரிடம் கேட்பது, மாணவர். (இ) ஊட்டச்சத்து உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு விவரம் கொண்டுவருவது, மனைவி, ஒரு வாரத்திற்குள். அவருடைய விருப்பம்: வீட்டு உரிமையாளருக்கும் வேலை செய்யும் இடத்திற்கும் தெரியக் கூடாது.

ரிஃபாம்பிசின் மருந்து சிறுநீரை ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறமாக்கும். அந்த நிறமாற்றம் தீங்கற்றது. ஆனால் தொடர் வாந்தி ஈரல் பாதிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே 'பயப்பட ஒன்றுமில்லை' என்று பணியாளர் தாமே சொல்லிவிடாமல் மருத்துவரிடம் அனுப்புவதே முதல் வேலையாக எழுதப்பட்டுள்ளது.

*மூன்று வாரங்களுக்குப் பின்*

மறுஆய்வு: மருத்துவர் பரிசோதித்துச் சிகிச்சையைத் தொடரச் சொன்னார். மாத்திரை நேரம் காலை உணவுக்குப் பின் என மாற்றப்பட்டது. 21 நாட்களில் 19 நாட்கள் எடுத்திருக்கிறார் (அட்டை). தவறிய இரு நாட்களும் துக்க வீட்டிற்காக ஊருக்குச் சென்றவை (அவர் சொன்னது). வங்கி விவரம் இன்னும் பதிவாகவில்லை.

மதிப்பீடு: வாந்தி நின்றது (மனைவி சொன்னது). பயணத்தின்போது மாத்திரை தவறுகிறது.

திட்டம்: வெளியூர் செல்லுமுன் மாத்திரை எடுத்துவைப்பது, அவரும் மனைவியும். வங்கி விவரத்தை அடுத்த வருகையில் பதிவுசெய்வது, மாணவர்.

வழக்கமான பிழைகள்

தீர்ப்பிடும் சொற்களே முதல் பிழை. 'சோம்பேறி', 'ஒத்துழைக்கவில்லை' போன்ற சொற்கள் மூன்றாம் பகுதியில் வந்தால் கணிப்பு செய்தியாக நுழைந்துவிட்டது என்று அறியலாம். 'ஒத்துழைக்கவில்லை' என்பதை 'இரு முறை அழைத்தும் வரவில்லை' என எழுதினால் அது செய்தியாகிவிடும்.

இரண்டாவது, ஆள் இல்லாத திட்டம். 'ஆலோசனை வழங்கப்படும்' என்பதில் யார், எப்போது என்பது இல்லாததால் மறுஆய்வில் சரிபார்க்க எதுவும் இருக்காது.

மூன்றாவது, தாமதம். சில நாட்கள் கழித்து எழுதும்போது வந்தவரின் சொற்கள் மறைந்து பணியாளரின் சொற்களே மிஞ்சும். சந்திப்பின்போது ஒப்புதலுடன் சில குறிப்புச் சொற்களை மட்டும் எழுதி, அன்றே முழுப் பதிவையும் முடிப்பது நல்லது.

திருத்தமும் இரகசியமும்

எழுதியதை அழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. தவறான வரியைப் படிக்கும்படியாக ஒரே கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் இடுவது நடைமுறை.

அசல் பதிவேடு நிறுவனத்திற்குரியது, பூட்டிவைக்கப்பட வேண்டியது. கல்லூரிக்குக் கொண்டுசெல்லும் படியில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் சந்தையின் பெயரும் ஊரும் வயதும் சேர்ந்து இருந்தாலே ஆளை அடையாளம் காண முடியும் என்பதால், அவற்றையும் மாற்றியோ நீக்கியோ எழுத வேண்டும்.