ஆள் சேர்ந்த பிறகு பணம்

‘வளர்ந்து வரும் உற்பத்தி நிறுவனங்களுக்கு மட்டும்’ என்று தலைப்புப் போட்டு வரும் மெயில்களுக்குக் கோவையில் பஞ்சமே இல்லை. குறிச்சி சிட்கோவில் பட்டறை நடத்தும் நண்பரின் மகன் அப்படி ஒன்றைக் கைப்பேசியில் காட்டி, “இது நெசமாலுமே இலவசந்தானுங்களா மாமா?” என்று கேட்டான். இரண்டு டீ சொல்லிவிட்டு வாங்கிப் படித்தேன். என்ன பதவி என்று சொன்னால் போதும், வடிகட்டிய ஐந்து பேரின் விவரம் ஒரு வாரத்தில் வந்துவிடும், முன்பணம் கிடையாது, ஆள் வெற்றிகரமாகச் சேர்ந்தால் மட்டும் கட்டணம். கடைசியில் ‘நிபந்தனைகள்’ என்று ஒரு பிடிஎஃப் இணைத்திருந்தார்கள். அதை அவன் திறக்கவே இல்லை.

அவனுக்கு ஆள் தேவைப்படுவது உண்மை. இதுவரை பம்புக் கம்பெனிகளுக்குப் பாகம் கடைந்து கொடுத்தவனுக்கு இப்போது வண்டிப் பாகம் செய்யும் ஆர்டர் வந்திருக்கிறது. அந்த வாடிக்கையாளர் ஐஏடிஎஃப் 16949 தணிக்கை கேட்கிறார். உற்பத்தி தொடங்கும் முன்பே பிபிஏபி கோப்பு கேட்கிறார். இரண்டையும் கையாளத் தெரிந்த குவாலிட்டி இன்ஜினியர் ஒருவர் வேண்டும். தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்துப் பார்த்தான், கிடைக்கவில்லை.

“இலவசம் இல்லப்பா, பின்னால தர்ற காசு, அவ்வளவுதான்” என்றேன். இந்த வகை ஏஜென்சிகள் கேட்பது பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். இன்ஜினியருக்கு ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் என்று பேசினால் கட்டணம் ஏறக்குறைய 60,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 10,800. ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கையைக் கடிப்பது அந்த 60,000தான். ஆனால் அந்த 7,20,000 என்ன என்று முதலில் கேட்க வேண்டும். இன்சென்டிவ், போனஸ் எல்லாம் சேர்த்த சிடிசியா, நிச்சயமாகக் கையில் கொடுக்கும் தொகை மட்டுமா? இதில் 72,000 ரூபாய் இன்சென்டிவ் என்றால், அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் கட்டணம் 54,000 ஆகிவிடும். கேட்டால் பல ஏஜென்சிகள் ஒத்துக்கொள்வார்கள். கேட்காவிட்டால் சிடிசி மேல்தான் பில் வரும்.

பணம் பெரிய விஷயம் இல்லை. ஆள் சேர்ந்தால்தான் வருமானம் என்பது ஏஜென்சிக்காரரை எப்படி வேலை செய்ய வைக்கிறது என்பதுதான் முக்கியம். அவர் கையில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பதவிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் சமமாக உழைத்தால் அவருக்குக் கட்டாது. எது சீக்கிரம் முடியுமோ அதைத்தான் பிடித்துக்கொள்வார். நீங்கள் அதே பதவியை நாலு ஏஜென்சியிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், அனுப்பிய விவரத்துக்கு ஒரு வாரம் பதிலே சொல்லாமல் இருந்தால், உங்கள் பதவி அவருடைய பட்டியலில் அடிக்குப் போய்விடும். அதன் பிறகு வருவது வடிகட்டிய பட்டியல் அல்ல. நௌக்ரி மாதிரித் தளத்தில் ‘குவாலிட்டி, சிஎன்சி, கோவை’ என்று தட்டி, வந்ததில் மேலே இருந்த ஐந்தை அப்படியே அனுப்பிவிடுவது. நாலு ஏஜென்சியும் இதைச் செய்தால் அதே ஐந்து பேர் நாலு முறை வருவார்கள்.

எது வடிகட்டியது, எது வெறுமனே அனுப்பியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பயோடேட்டாவைப் பார்த்துத் தெரியாது. அதோடு வரும் நாலு வரிக் குறிப்பைப் பார்க்க வேண்டும். இப்போது வாங்கும் சம்பளம், எதிர்பார்ப்பது, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், ஏன் வேலை மாறுகிறார், உங்கள் கம்பெனிப் பெயரையும் இடத்தையும் சொல்லியாகிவிட்டதா. இவை எழுதப்பட்டிருந்தால் யாரோ அந்த ஆளிடம் பேசியிருக்கிறார்கள். காலியாக இருந்தால், நீங்கள் போன் செய்யும்போது அந்தப் பக்கத்தில் “எந்தக் கம்பெனிங்க?” என்றுதான் கேட்பார்.

“அவங்களுக்கு நம்ம வேலை என்ன தெரியும்? எப்படி வடிகட்டுவாங்க?” என்றான். நியாயமான கேள்வி. ஏஜென்சியில் உட்கார்ந்து போன் பேசும் பெண்ணுக்கு மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பார்த்த அனுபவம் இருக்காது. அதனால் சல்லடையை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். ‘குவாலிட்டி தெரிந்தவர்’ என்று எழுதி அனுப்பாமல், விடையோடு ஒன்றிரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தால் போதும். உதாரணமாக, கேஜ் ஆர் அண்ட் ஆர் 38 சதவீதம் வந்தால் என்ன செய்வீர்கள்? அளவில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு அளவுகோலாலும் அளப்பவராலும் வருகிறது என்று பார்க்கும் சோதனை அது. 10 சதவீதத்துக்குள் என்றால் நல்லது. 30ஐத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்பி எந்தப் பாகத்தையும் தள்ளவும் கூடாது, ஏற்கவும் கூடாது. படித்து மட்டும் வந்தவர் ‘கேஜை மாற்றுவேன்’ என்பார். செய்து பார்த்தவர், ஒரே ஆள் திரும்பத் திரும்ப அளக்கும்போது வேறுபடுகிறதா, ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதா என்று முதலில் பிரித்துப் பார்ப்பேன் என்பார். முதலாவது என்றால் கருவியில் கோளாறு, இரண்டாவது என்றால் பிடிக்கும் முறையில். இந்த இரண்டு பதிலையும் எழுதிக் கொடுத்துவிட்டால் போனில் பேசும் பெண்ணே பாதிப் பேரைக் கழித்துவிடுவாள். ஐந்து பேர் வர வேண்டிய இடத்தில் இரண்டு பேர் வருவார்கள். அதுதான் நமக்கு லாபம். நேர்காணலுக்காக எந்திரத்தை விட்டுவிட்டு வந்து உட்காரும் நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

இரண்டாவது டீக்கு முன் அந்தப் பிடிஎஃபைத் திறக்கச் சொன்னேன். ‘வெற்றிகரமாகச் சேர்ந்தால்’ என்பதற்கு உள்ளே இருந்த விளக்கம், வேலையில் சேரும் முதல் நாள். அன்றே பில், 15 நாளில் பணம். ஆள் 90 நாளைக்குள் தானாக விலகினால் வேறு ஆள் தருவோம், ஒரு முறை மட்டும், பணம் திரும்பாது. இதெல்லாம் வழக்கமானதுதான். கவனிக்க வேண்டியது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த வரி: பில்லைக் குறித்த நாளுக்குள் கட்டினால்தான் இந்த உத்தரவாதம் செல்லும்.

ஜூன் 1 அன்று இன்ஜினியர் சேர்கிறார், அன்றே பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 16க்குள் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து பணம் வரவில்லை என்று நம்மாள் ஜூலை 10 அன்று கட்டுகிறான். ஆகஸ்ட் 5 அன்று, அதாவது 66வது நாளில், இன்ஜினியர் ஸ்ரீபெரும்புதூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுகிறார். வேறு ஆள் கேட்டால், நீங்கள் தாமதமாகக் கட்டினீர்கள், உத்தரவாதம் போய்விட்டது என்பார்கள். பிடிஎஃப் அவர்கள் பக்கம் இருக்கும். இதைத் தவிர்க்க இரண்டு வழி. ஒன்று, நாளுக்குள் கட்டிவிடுவது. இன்னொன்று, பாதிக் கட்டணத்தை 30வது நாளிலும் மீதியை 45வது நாளிலும் தருகிறேன் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்குவது. சிலர் சம்மதிப்பார்கள், சிலர் சதவீதத்தை ஏற்றுவார்கள். எப்படியும் மாதக்கணக்கில் இழுத்தடிக்க முடியாது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. ஏஜென்சியும் அப்படிப் பதிவு பெற்றதாக இருக்கலாம். பெரிய கம்பெனிக்காரன் 90 நாள் இழுக்கிறான் என்று புலம்பும் பட்டறைக்காரர்களே ஏஜென்சியிடம் அதையே செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வரி, யாருடைய ஆள் என்பது பற்றியது. அவர்கள் விவரம் அனுப்பிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அந்த ஆளை எந்தப் பதவிக்கு எடுத்தாலும் கட்டணம் உண்டு. இன்று குவாலிட்டிக்கு வேண்டாம் என்று விட்டவரை எட்டு மாதம் கழித்து பர்ச்சேஸுக்கு எடுத்தாலும் பில் வரும். அதைவிடச் சங்கடம், அந்தப் பெயர் ஏற்கெனவே உங்கள் மேஜை டிராயரில் இருப்பது. பார்த்தவுடன், இவர் போன மாதமே நேரடியாக விண்ணப்பித்தவர் என்று பதில் மெயில் போட்டுவிட வேண்டும், அவர் அனுப்பிய பழைய மெயிலையும் சேர்த்து. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முன்பணம் இல்லை என்பதால் நமக்கு நஷ்டமே இல்லை என்று அவன் நினைத்தான். அப்படி இல்லை. அனுபவமுள்ள இன்ஜினியர்களுக்கு நோட்டீஸ் பீரியட் 60 நாளோ 90 நாளோ இருக்கும். ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு, எட்டாவது வாரத்தில் பழைய கம்பெனியே சம்பளத்தை ஏற்றித் தருகிறது என்று நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஏஜென்சிக்குக் கட்டணம் இல்லை, சரி. ஆனால் தணிக்கைத் தேதி தள்ளிப்போகாது. அதனால் ஆஃபர் கொடுத்த வாரத்திலேயே ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நாமே அவரிடம் பேச வேண்டும். தேர்வில் இரண்டாவதாக வந்தவருக்கு ‘வேண்டாம்’ என்று எழுதாமல், உள்ளதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். நோட்டீஸ் நாட்களுக்குரிய பணத்தைக் கட்டி முன்கூட்டியே அழைத்துக்கொள்ளவும் வழி உண்டு. அது ஒரு மாதச் சம்பளம் என்றாலும் சில சமயம் கணக்கு நேராகும்.

மெஷின் ஆபரேட்டரையும் இதே வழியில் எடுக்கலாமா என்று கேட்டான். வேண்டாம். அதற்கு ஐடிஐ வாசலும் அப்ரண்டிஸ் திட்டமும் இருக்கின்றன. அதே போல, பிளான்ட் ஹெட் மாதிரிப் பெரிய பதவிக்கும் இந்த வகை மெயில் ஒத்துவராது. அங்கே மூன்று தவணையாக, முதல் தவணையை முன்பணமாக வாங்கிக்கொண்டு தேடுபவர்கள்தான் உட்கார்ந்து தேடுவார்கள். இது நடுவில் உள்ள பதவிகளுக்கான ஏற்பாடு.

நிபந்தனைகளில் மூன்று இடத்தில் திருத்தம் கேட்டு, கேஜ் கேள்வியையும் சேர்த்து, அங்கேயே பதில் தட்டினான். ஒரே ஏஜென்சி, மூன்று வாரம் வேறு யாருக்கும் தர மாட்டேன், விவரம் வந்த இரண்டு நாளில் பதில் சொல்வேன் என்றும் எழுதினான். அந்தக் கடைசி வரிக்காகவே திருத்தங்களை அவர்கள் ஏற்பார்கள் என்பது என் கணக்கு.

அனுப்பும் முன் ஏஜென்சியின் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொன்னேன். நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் தனியாகக் கேட்கவும் ஒரு கேள்வி சொல்லி அனுப்பினேன்: “இந்த வேலைக்காக உங்ககிட்ட யாராவது காசு கேட்டாங்களா?” நம்மிடம் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, நம் கம்பெனிப் பெயரைச் சொல்லிப் பதிவுக் கட்டணம் என்று அந்தப் பையன்களிடம் முன்கூட்டியே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் ‘ஆமாம்’ என்றால்கூட அந்த ஏஜென்சியோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான்.