சக்கரம் நின்றால் சுவர் வியர்க்கும்

சென்னையில் மழைக்கால மாலை. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். அந்தக் காற்றில் ஒரு கிலோவுக்குச் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். குளிரூட்டிய அலுவலகத்தில், 24 டிகிரியில், 9.3 கிராம்தான்.

ஊழியர்கள் சுவாசிக்க வெளிக்காற்று உள்ளே வந்தே ஆக வேண்டும். அதற்கான தனி இயந்திரத்தில் என்தால்பி சக்கரம் மெல்லச் சுழல்கிறது. வெளியேறும் வறண்ட குளிர்காற்றிடம், உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒப்படைப்பது அதன் வேலை. 75 சதவீதத் திறன் என்றால், வெளிக்காற்று 26 டிகிரிக்கும் 12.2 கிராமுக்கும் இறங்கும். ஆனால் அறையின் 9.3 கிராமுக்குக் கீழே சக்கரத்தால் கொண்டுபோக முடியாது. மிச்ச ஈரத்தைக் குளிர்ச் சுருள்தான் காற்றை 12 டிகிரிக்குக் குளிர்வித்துப் பிழிந்தெடுக்க வேண்டும். சக்கரம் இருப்பதால் சுருளின் சுமை பாதிக்கும் கீழே குறைகிறது.

பெல்ட் அறுந்து சக்கரம் நின்றால்? இரட்டிப்புச் சுமையில் சுருள் திணறி, காற்றை 16 டிகிரியில் அனுப்பலாம். தொட்டால் குளிர்ச்சிதான். ஆனால் அதில் 11 கிராமுக்கு மேல் நீராவி. அறைக்குள் ஈரம்தான் சேரும். ஆகவே சக்கரத்தின் இருபுறமும் வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் அளக்க வேண்டும். இரண்டிலும் மாற்றமே இல்லையென்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.