கேஸ் தீந்துபோச்சுங்க

நாமக்கல் பக்கத்து லாரி மெக்கானிக் ஒருவரின் நேர்காணலை ஒலிப்பதிவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். நாற்பதாவது நிமிடத்தில் கை நின்றுவிட்டது. "அந்த வருசமே கேஸ் தீந்துபோச்சுங்க" என்கிறார். சற்று முன்னால் வெல்டிங் வேலையைப் பற்றியும் பேசியிருந்தார், ஒரு விபத்து வழக்கைப் பற்றியும் பேசியிருந்தார். கேட்பவருக்குச் சிக்கல் இல்லை. சிலிண்டரைச் சொல்லும்போது முதல் எழுத்தை அழுத்தாமல் மென்மையாக ஒலிக்கிறார். இங்கே அழுத்திச் சொல்வதால் இது வழக்குதான். ஆனால் இரண்டு ஒலிக்கும் தமிழில் ஒரே 'க' என்பதால் காகிதத்தில் வேறுபாடு மறைந்துவிடுகிறது.

'வழக்கு' என்று மாற்றினால் பொருள் தெளிந்துவிடும். ஆனால் அது அவர் வாயில் வராத சொல். அதை எழுதினால் பட்டறைக்காரர் செய்தித்தாள் போலப் பேசத் தொடங்கிவிடுவார். அதனால் வழக்கைக் 'கேஸ்' என்றே விட்டு, வாயுவைக் 'காஸ்' என்று எழுதினேன். சில நாளிதழ்கள் அப்படித்தான் அச்சிடுகின்றன. அவர் சொன்ன ஒலிக்கு அது முழுக்கப் பொருந்தவில்லை என்றாலும், வாசிப்பவர் தடுமாற மாட்டார்.

இப்படி முடிவு செய்த ஒவ்வொரு சொல்லையும் உடனே ஒரு பட்டியலில் எழுதிவைப்பது அவசியம். 'ஆபீஸ்', 'ஆஃபீஸ்', 'ஆபிஸ்' என மூன்று விதமாக எழுதியிருந்தால், ஒன்றைத் தேடும்போது மற்ற இரண்டும் சிக்காது. ஆய்த எழுத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 'பைல்' என்று தேடினால் 'ஃபைல்' உள்ளே இருப்பதும் கிடைக்கும். 'ஃபைல்' என்று தேடினால் 'பைல்' கிடைக்காது. பட்டியலை நடுவில் மாற்றினால் முதல் பக்கத்திலிருந்து திரும்பப் பார்த்தாக வேண்டும்.

வேர்ச்சொல்லைப் பட்டியல்படி எழுதலாம், வாலை அவர் பேசியபடி விட வேண்டும் என்பது என் வழக்கம். "பிரேக்கப் புடிச்சா பெடல் கீழ போயிரும், ட்ரம்மக் கழட்டி லைனிங்கப் பாத்து அட்ஜஸ்ட் பண்ணோணும்" என்று அவர் சொல்வதை, 'பிரேக்கைப் பிடித்தால்' என்று திருத்தினால் கொங்குப் பேச்சே போய்விடும். ஆனால் சொல்லின் கடைசியில் அவர் சேர்க்கும் உகரம் தேடுவதற்கு இடைஞ்சல். 'டயரு' என்பதில் 'டயர்' இல்லை, புள்ளி இருந்த இடத்தில் உகரக் குறி வந்துவிடுகிறது. அதனால் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 'டயர' என்று தேடுவேன். பெரும்பாலும் இரண்டும் கிடைத்துவிடும்.

எவ்வளவு கேட்டும் பிடிபடாத சொல்லை ஊகித்து எழுதுவதில்லை. அந்த இடத்தில் [40:12] என்று நிமிடமும் நொடியும் போட்டுவிடுவேன், பின்னால் வருபவர் தானே கேட்டுக்கொள்ளலாம்.

ஒருவருக்குப் போட்ட பட்டியல் அடுத்தவருக்குப் பொருந்தும் என்பதும் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் 'டொக்டர்', 'கொப்பி', 'ரெலிபோன்' என்பார். மெக்கானிக்கின் பட்டியலை வைத்து அவற்றை 'டாக்டர்', 'காப்பி', 'டெலிபோன்' ஆக்கினால் அவருடைய ஊரையே அழித்துவிடுவோம். அவருக்கு வேறு பட்டியல்தான் போட வேண்டும்.