கணக்கா, கருணையா?

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் டென்மார்க்கைச் சின்னஞ்சிறு வணிக நாடாக நினைத்துக்கொள்வார்கள். அதே கொடி மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய அக்ராவில் இருந்த கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டையிலும் பறந்தது. அங்கே ஆட்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் துப்பாக்கியும் சாராயமும் இருந்தன. இந்தியப் பருத்தித் துணியும் இருந்தது. வாங்கப்பட்டவர்கள் கரீபியன் கடலின் செயின்ட் குரோய், செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் தீவுகளுக்குப் போனார்கள், முக்கியமாகக் கரும்பு வெட்ட.

1792 மார்ச் 16 அன்று டென்மார்க் ஓர் ஆணை போட்டது: 1803 தொடங்கியதும் அடிமை வணிகம் நிற்க வேண்டும். பிரிட்டனின் தடைச் சட்டம் வந்ததோ 1807-இல்தான். ஆணைக்குப் பின்னால் இருந்தவர் நிதியமைச்சர் எர்ன்ஸ்ட் ஷிம்மெல்மான். அவரே செயின்ட் குரோயில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தவர். தோட்டங்களில் வேலை செய்தவர்கள் அவருடைய அடிமைகள். இவர் ஏன் இதைச் செய்தார் என்பதில் வரலாற்றாசிரியர்களின் வழக்கு இன்னும் முடியவில்லை.

பணம்தான் காரணம் என்பவர்களுக்கு ஆணையே நல்ல சாட்சி. தீவுகளில் ஆண்டுதோறும் பிறப்பைவிட இறப்பு அதிகம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கப்பல்கள் ஓடின. கப்பலோட்டமும் கோட்டைப் பராமரிப்பும் லாபம் தரவில்லை. அடிமை வணிகம் பற்றி 1791-இல் அமர்த்தப்பட்ட ஆணையம் தன் அறிக்கையில் வேறொரு கணக்குப் போட்டது: பெண்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால், பராமரிப்பும் மேம்பட்டால், அடிமைகளின் தொகை தானாகவே நிலைக்கும்; பிறகு யாரையும் வாங்க வேண்டியதில்லை. ஆகவேதான் பத்தாண்டுக் கெடு. அந்தப் பத்தாண்டில் ஆள் வாங்கத் தோட்டக்காரர்களுக்கு அரசுக் கடன் கிடைத்தது. பெண்களை இறக்குமதி செய்தால் சுங்கமும் இல்லை. தடையாணை வந்த பிறகுதான் இறக்குமதி உச்சத்துக்கு ஏறியது. மாடு வாங்குவதை நிறுத்திவிட்டுக் கன்று வளர்க்கத் தொடங்குபவனின் கணக்கு இது. எழுதும்போதே கை கூசுகிறது.

ஆனால் இதைக் கொண்டே தீர்ப்பெழுத முடியாது. அரசரின் முன் வைக்கும் அறிக்கை சம்மதிக்க வைப்பதற்காக எழுதப்படுவது. கருவூலத்தின் மொழியில் பேசினால்தான் காது கொடுப்பார்கள் என்றால், மனசாட்சி உள்ளவரும் ரூபாய் அணா கணக்கில்தான் பேசுவார். பக்கமெல்லாம் பணம் இருப்பது, எழுதியவர் நெஞ்சில் பணம் மட்டுமே இருந்ததற்குச் சான்றாகாது. அப்படியே, நீதியைப் பற்றி உருக்கமாக எழுதிய அறிக்கை எழுதியவரின் நீதிக்கும் சான்றாகாது.

சொற்களை நம்ப முடியாதபோது இரண்டு நோக்கங்களும் வெவ்வேறு வழி காட்டும் இடத்தைத் தேட வேண்டும். அப்படி ஓரிடம் உண்டு. நட்டம் மட்டுமே பிரச்சினை என்றால் டேனிஷ் கப்பல்களை நிறுத்திவிட்டு, பிற நாட்டு வணிகர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். தோட்டமும் நடக்கும், கருவூலமும் பிழைக்கும். ஆணையோ 1803-க்குப் பிறகு எந்த நாட்டுக் கப்பலிலிருந்தும் இறக்குமதி கூடாது என்றது. லாபக் கணக்கில் இதற்கு இடமில்லை.

உடனே எதிர்க்கேள்வி எழும். பிரிட்டன் எப்படியும் தடை செய்யப்போகிறது, சந்தையே மூடப்போகிறது என்று கோபன்ஹேகனில் நம்பினார்களே. முந்திக்கொண்டு ஆள் சேர்ப்பதும் வணிகப் புத்திதானே? நியாயமான கேள்வி. பதில் பத்தாண்டு கழித்து வருகிறது. 1802 வந்தும் பிரிட்டன் தடை செய்யவில்லை. சந்தை திறந்தே கிடந்தது. தோட்டக்காரர்கள் கெடுவை நீட்டக் கேட்டார்கள். கணக்கு மட்டும் ஆண்டிருந்தால் நீட்டுவதே புத்திசாலித்தனம். 1803 பிறந்தது, கெடு நீளவில்லை. எனக்கு இந்த இடம் 1791 அறிக்கையைவிட அதிகம் பேசுகிறது. போட்ட கணக்கும் பொய்த்தது. அதற்குப் பிறகு தீவுகளில் அடிமைகளின் தொகை குறைந்துகொண்டே போனது.

ஆனாலும் அறம் எங்கே நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். வணிகத்தைத் தடுத்த சட்டம் அடிமை முறையைத் தொடவில்லை. ஷிம்மெல்மானின் தோட்டங்களில் அடிமைகளே தொடர்ந்து வேலை செய்தார்கள். அவரைக் கபடதாரி என்று தள்ளிவிடுவது எளிது. கடல் கடந்த கொடுமையை அவர் பார்த்தார், தன் வயலில் நடந்ததை வேறு விதமாகப் பார்த்தார் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

'கணக்கா, கருணையா' என்று கேட்கும்போதே கோபன்ஹேகனில் இருந்தவர்களின் மனதை மட்டும் துழாவத் தொடங்கிவிடுகிறோம். 1847-இல் அரசர் எட்டாம் கிறிஸ்டியான், இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள், மற்றவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து விடுதலை என்றார். அடிமைகள் காத்திருக்கவில்லை. 1848 ஜூலை 3 அன்று செயின்ட் குரோயின் ஃபிரெடெரிக்ஸ்டெட் கோட்டை முன் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஆளுநர் பீட்டர் வான் ஷோல்டன் அன்றே விடுதலையை அறிவித்தார். பின்னர் டென்மார்க் அரசு ஒவ்வொரு அடிமைக்கும் 50 டாலர் வீதம் நட்டஈடு வழங்கியது. பெற்றுக்கொண்டவர்கள் உரிமையாளர்கள்.