மெதுவானது நிரலா, கணினியா?

ஒரு நிரலில் செய்த திருத்தத்தை மூல நிரலோடு இணைக்கும் முன், மற்றவர்கள் சரிபார்த்து ஒப்புதல் தருவதற்காக முன்வைக்கும் கோரிக்கைக்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். வேகம் முக்கியமான திட்டங்களில் இந்தக் கோரிக்கையோடு ஓர் அட்டவணையும் வரும். குறிப்பிட்ட ஒரு வேலைக்குத் திருத்தத்துக்கு முன் எவ்வளவு நேரம் பிடித்தது, பின் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அது காட்டும். இந்த அளவீடுதான் பெஞ்ச்மார்க். அட்டவணையில் +4% என்று கண்டால் நிரல் மெதுவாகிவிட்டது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதே நிரலை இரண்டு முறை அளந்தாலும் 4 சதவீத வேறுபாடு வருவது உண்டு. இந்தக் காரணமற்ற ஏற்ற இறக்கத்தையே இரைச்சல் என்கிறார்கள்.

இரைச்சல் பல இடங்களிலிருந்து வருகிறது. பிராசஸர் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்ந்திருந்தால் சற்று நேரம் வேகமெடுத்து ஓடும். இயங்குதளம் இடையில் வேறு வேலைகளைக் கவனிக்கப் போகும். புல் ரிக்வெஸ்ட்டைத் தானாகச் சோதிக்கும் கணினிகள் பெரும்பாலும் கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினிகள். அங்கே ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதால் பக்கத்தில் இருப்பவரின் வேலைப்பளுவும் நம் அளவீட்டில் கலந்துவிடும். முதல் முறை கிடைத்த பிராசஸர் ஒரு வகையாகவும் அடுத்த முறை கிடைத்தது வேறு வகையாகவும் இருந்துவிட்டால் அந்த இரண்டு எண்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எனவே ஒரேயொரு முறை அளந்த எண் எதையும் சொல்லாது. கோ மொழியில் எழுதுபவர்கள் ஒவ்வொரு பெஞ்ச்மார்க்கையும் பழைய நிரலில் பத்து முறை, புதிய நிரலில் பத்து முறை ஓட்டி, முடிவுகளை benchstat என்ற கருவியிடம் கொடுப்பது வழக்கம்.

```
go test -run='^$' -bench=. -benchmem -count=10 > old.txt
benchstat old.txt new.txt
```

ஒரு கற்பனைத் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். இணையக் கோரிக்கைகளின் தலைப்பு வரிகளைப் படிக்கும் ஒரு நூலகத்தில் Split, Header என்ற இரண்டு பகுதிகள் மாற்றப்படுகின்றன. Encode என்ற மூன்றாவது பகுதியை யாரும் தொடவில்லை. அட்டவணை இப்படி வருகிறது:

```
          │   old.txt   │              new.txt              │
          │   sec/op    │   sec/op     vs base              │
Split-8     1.240µ ± 4%   1.290µ ± 5%       ~ (p=0.165 n=10)
Header-8    412.0n ± 1%   431.5n ± 1%  +4.73% (p=0.000 n=10)
Encode-8    8.910µ ± 1%   8.946µ ± 0%  +0.40% (p=0.003 n=10)
```

µ என்பது மைக்ரோ விநாடி, n என்பது நானோ விநாடி. முதலில் நிற்கும் எண் பத்து அளவீடுகளின் இடைநிலை. அதாவது, வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது. சராசரியை எடுக்காததற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஓடும்போது கணினி வேறு எதிலோ மாட்டிக்கொண்டு இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், இடைநிலையோ பெரிதாக அசையாது. அடுத்துள்ள ± குறி, உண்மையான இடைநிலை எவ்வளவு தூரத்துக்குள் இருக்கக்கூடும் என்பதன் மதிப்பீடு. அட்டவணையைப் பார்க்கும்போது கண் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். Split வரியில் பழையதும் புதியதும் 4, 5 சதவீதம் ஆடுகின்றன. அவ்வளவு ஆட்டத்துக்கு நடுவே 4 சதவீத வேறுபாட்டைத் தேடுவது வீண்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் p, மான்–விட்னி சோதனையின் விடை. 1947-இல் ஹென்றி மான், டொனால்ட் விட்னி என்ற இருவர் வெளியிட்ட முறை இது. கருத்து எளிமையானது. இருபது அளவீடுகளையும் பழையது எது, புதியது எது என்று பாராமல் சிறியதிலிருந்து பெரியதாக ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். பிறகு எது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பழையவையும் புதியவையும் கலந்து கிடந்தால் வேறுபாட்டுக்குச் சான்று இல்லை. பழையவை எல்லாம் வேகமான முனையிலும் புதியவை எல்லாம் மெதுவான முனையிலும் ஒதுங்கி நின்றால் அது தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பத்தும் பத்தும் அணிவகுக்க மொத்தம் 1,84,756 வழிகள் உள்ளன. அவற்றில் இரண்டு மட்டுமே இப்படி முழுமையாகப் பிரிந்து நிற்பவை. Header வரியில் p=0.000 என்று வருவது அந்த வகைப் பிரிவினால்தான். பூஜ்யம் என்பது உண்மையான பூஜ்யம் அல்ல, மூன்று தசம இடங்களுக்குள் அடங்காத சிறிய எண்.

இதே கணக்கு, ஏன் மூன்று முறை அளந்தால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறது. மூன்றும் மூன்றும் என்றால் மொத்தமே 20 வழிகள்தான். மிகத் தெளிவாகப் பிரிந்து நின்றாலும் p 0.1-க்குக் கீழே இறங்காது. benchstat வைத்திருக்கும் எல்லையோ 0.05. மூன்று ஓட்டங்களை வைத்து அந்தக் கருவி எதையும் உறுதிசெய்யவே முடியாது.

Split வரியில் உள்ள ~ குறியைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். "வேகம் மாறவில்லை" என்று அதற்குப் பொருள் இல்லை. "மாறியதா இல்லையா என்று இந்த அளவீட்டால் சொல்ல இயலவில்லை" என்பதே பொருள். 4 சதவீதம் உண்மையிலேயே குறைந்திருக்கலாம், ஆட்டத்தில் அது மறைந்திருக்கலாம். இங்கே எளிதில் சறுக்குவது ஒன்று உண்டு: விடை பிடிக்கும் வரை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது. அப்படிச் செய்தால் p-யின் பொருளே கெட்டுவிடும், ஏனென்றால் போதிய முறை முயன்றால் வெறும் இரைச்சலும் ஒருநாள் 0.05-க்குக் கீழே வந்து நிற்கும். எத்தனை முறை ஓட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, முன்பு எடுத்ததை ஒதுக்கிவிட்டுப் புதிதாக அளப்பதே முறை.

அப்படி அளக்கும்போது வரிசையும் முக்கியம். பழையதைப் பத்து முறை ஓட்டிவிட்டுப் பிறகு புதியதைப் பத்து முறை ஓட்டினால், இடையில் பிராசஸர் சூடேறியதெல்லாம் புதிய நிரலின் குற்றமாகப் பதிவாகும். இரண்டையும் தனித்தனிச் செயலியாகத் தொகுத்து மாற்றி மாற்றி ஓட்டினால் சூடும் பக்கத்து வீட்டுத் தொந்தரவும் இரண்டுக்கும் ஏறத்தாழச் சமமாகப் போய்ச் சேரும்.

```
for i in $(seq 30); do
  ./old.test -test.run='^$' -test.bench=Split >> old.txt
  ./new.test -test.run='^$' -test.bench=Split >> new.txt
done
```

நம் எடுத்துக்காட்டில், வேறு வேலை இல்லாத ஒரு கணினியில் இப்படி முப்பது முறை ஓட்டியபோது ஆட்டம் இரு பக்கமும் 1 சதவீதமாகக் குறைந்து, இடைநிலைகள் 1.238 மைக்ரோ விநாடி, 1.241 மைக்ரோ விநாடி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். குறி இன்னும் ~ தான். ஆனால் இந்த முறை அதன் கனம் வேறு. 4 சதவீத இழப்பு இருந்திருந்தால் 1 சதவீத ஆட்டத்தில் அது ஒளிந்திருக்க முடியாது.

கணினி எவ்வளவு அமைதியானது என்று அறிய இன்னொரு சோதனை உண்டு, இதைச் செய்பவர்கள்தான் குறைவு. பழைய நிரலைப் பழைய நிரலோடே ஒப்பிடுவது. old.txt, new.txt இரண்டிலும் ஒரே நிரலின் அளவீடுகள் இருக்கும். அங்கே 2 சதவீத வேறுபாடு அடிக்கடி தென்பட்டால், அந்தக் கணினியில் 2 சதவீதத்தைப் பற்றி வாதிடுவதில் பயன் இல்லை.

Encode வரி வேறு விதமான புதிர். p மிகச் சிறியது, ஆட்டமும் இல்லை. ஆனால் அந்தப் பகுதியை யாரும் மாற்றவே இல்லை. இதற்கு முதல் விளக்கம் வெறும் எண்ணிக்கை. எல்லை 0.05 என்றால், எதுவுமே மாறாதபோதும் இருபது வரிகளுக்கு ஒன்று சராசரியாகப் பொய் எச்சரிக்கை தரும். நூறு பெஞ்ச்மார்க் உள்ள திட்டத்தில் ஐந்து வரிகள் சிவப்பாக இருப்பது இயல்பு. இரண்டாவது விளக்கம் நினைவகத்தில் நிரல் அமரும் இடம். ஒரு பகுதியில் சில பைட்டுகள் கூடினால் அதற்குப் பின்னால் வரும் பகுதிகள் எல்லாம் நகரும். ஒரு சுழற்சி பிராசஸரின் கேஷ் வரிகளுக்குள் அமர்ந்திருந்த விதம் மாறி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மெதுவாக ஓடும். இது இரைச்சல் போல் ஆடுவதில்லை என்பதால் எத்தனை முறை அளந்தாலும் மறையாது, p-யும் இதைக் கண்டுபிடிக்காது.

2009-இல் டாட் மிட்கோவிச்சும் மூன்று சக ஆய்வாளர்களும் இதை உலகுக்குக் காட்டினார்கள். சூழல் மாறிகளின் மொத்த நீளத்தை மாற்றினாலோ, கோப்புகளை இணைக்கும் வரிசையை மாற்றினாலோ, அளக்கும் வேகம் மாறியது. ஒரு கம்பைலர் அமைப்பு மற்றதைவிட நல்லதா கெட்டதா என்ற முடிவையே தலைகீழாக்கும் அளவுக்கு அந்த மாற்றம் இருந்தது. இதைச் சோதிக்க, தொடர்பில்லாத ஒரு சிறு செயற்கூற்றை நிரலில் சேர்த்து மீண்டும் அளந்து பார்க்கலாம். 0.40 சதவீதம் மறைந்தாலோ, கூட்டல் கழித்தலாக மாறினாலோ, குற்றம் திருத்தத்தின்மேல் இல்லை.

ஆடாத அளவைகளைத் துணைக்கு அழைப்பது இன்னும் நல்லது. கோ மொழியில் -benchmem சேர்த்தால், ஒரு முறை இயங்கும்போது எத்தனை தடவை புதிதாக நினைவகம் கேட்கப்பட்டது என்ற எண்ணும் allocs/op என்று வரும். அது கடிகாரத்தைச் சாராதது. Header வரியில் அது 1-லிருந்து 2 ஆகியிருக்கிறது. Encode வரியில் அப்படியே இருக்கிறது. ரஸ்ட் கம்பைலரின் புல் ரிக்வெஸ்ட்களில் நேரத்தைவிட, பிராசஸர் நிறைவேற்றிய ஆணைகளின் எண்ணிக்கையையே முதலில் பார்ப்பதற்கும் இதுவே காரணம். அந்த எண் மிகக் குறைவாகவே ஆடும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு: ஆணைகள் கூடாமலே, நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருந்து நிரல் மெதுவாகலாம்.

மெதுவானது உண்மை என்றால் அதற்கு நிரலில் ஒரு முகவரி இருக்க வேண்டும். Header-ஐ இரு நிரல்களிலும் -benchtime=20000000x என்று இரண்டு கோடி முறை ஓட்டி, -cpuprofile மூலம் நேரம் எங்கே செலவாகிறது என்ற பதிவை எடுத்து ஒப்பிடலாம். முறைகளின் எண்ணிக்கையை நிலையாக வைப்பது அவசியம். இல்லாவிட்டால் இரண்டு பதிவுகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் முடிந்து வேறுபாடு தெரியாது.

```
go tool pprof -top -diff_base=old.prof new.prof
```

ஒரு முறைக்கு 19.5 நானோ விநாடி கூடுதல் என்றால் இரண்டு கோடி முறைக்கு 0.39 விநாடி. நம் எடுத்துக்காட்டில் அதில் பெரும்பகுதி runtime.mallocgc என்ற நினைவகம் ஒதுக்கும் பகுதியின்மேல் விழுகிறது. அங்கிருந்து பின்னோக்கிப் போனால், தலைப்பின் பெயரைப் பைட்டுகளிலிருந்து string ஆக மாற்றிச் சேமித்துவைக்கும் புதிய வரி அகப்படுகிறது. Encode-க்கு இதே ஒப்பீட்டைச் செய்தால் சிறு சிறு கூட்டலும் கழித்தலும் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, எந்தச் செயற்கூறும் தனித்து நிற்கவில்லை. ஆகவே இந்தக் கோரிக்கையில் திருத்தம் கேட்க வேண்டியது Header-இன் அந்த ஒரு வரிக்கு மட்டுமே.