அரிசியா, பணமா? புதுச்சேரி ரேஷன் கடை சொல்லும் கதை

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ரேஷனில் அரிசிதான் வேணும்னு நாங்க சொன்னோம். எங்க எம்.எல்.ஏ.வும் அதையேதான் சொன்னார். ஆனா வந்தது பணம். அப்போ ஓட்டுப் போட்ட எங்க பேச்சுக்கு என்ன மதிப்பு?"

நியாயமான கேள்வி. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவருக்கு, எத்தனை மூட்டை விளைந்தது என்று உழுதவர் சொல்லித்தான் தெரியும். அரசாங்கத்திலும் அதே சிக்கல்தான். மக்கள் உரிமையாளர்கள், அமைச்சரும் அதிகாரியும் அவர்களுக்காக வேலை செய்பவர்கள். ஆனால், கணக்கு வேலை செய்பவர் கையில் இருக்கிறது. அவருடைய நோக்கமும் நம்முடைய நோக்கமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

புதுச்சேரியில் இன்னொரு முடிச்சும் உண்டு. இது யூனியன் பிரதேசம். இங்கே அதிகாரிக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர், இன்னொருவர் டெல்லி நியமித்த துணைநிலை ஆளுநர். 1963-ம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி, இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். நடைமுறையில் முடிவெடுப்பது மத்திய அரசு.

2016-ல் கிரண் பேடி ஆளுநராக வந்தார், வே.நாராயணசாமி முதல்வரானார். இலவச அரிசியை அரிசியாகவே தரவேண்டும் என்றது அமைச்சரவை. கொள்முதலிலும் விநியோகத்திலும் முறைகேடு நடக்க இடமிருக்கிறது, பணத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள் என்றார் ஆளுநர். சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்குப் பதில் 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்குப் பதில் 300 ரூபாய். அதாவது கிலோவுக்கு 30 ரூபாய். கடையில் அரிசி 40 ரூபாய் விற்றால் அந்த 600-க்கு 15 கிலோதான் கிடைக்கும். மீதி 5 கிலோ வீட்டுச் செலவில் ஏறும்.

இதில் யாருடைய நோக்கம் என்ன என்று பாருங்கள். அமைச்சருக்கு, மூட்டை கண்ணுக்குத் தெரியவேண்டும். அதை வாங்கிப்போகிறவர் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடுபவர். ஆளுநருக்கு அந்த ஓட்டு தேவையில்லை, டெல்லிக்குப் பதில் சொன்னால் போதும். நடுவில் இருக்கும் அதிகாரிக்கோ, பிறகு தணிக்கையில் தன் தலை உருளாமல் இருக்கவேண்டும். அதனால் கோப்பு நகர மறுக்கும். என் கணிப்பில், இருவர் வாதத்திலும் பாதி உண்மை இருந்தது. மத்திய உள்துறை பணத்தின் பக்கம் நின்றது. முதல்வர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2020-ல் அந்த மனு தள்ளுபடியானது. வாசகி கேட்ட கேள்விக்குச் சட்டப்படியான பதில் இதுதான். ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் மூடியே கிடந்தன. 2024 தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்து, அரிசியும் சர்க்கரையும் கொடுத்தார்கள்.

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானியத்துக்குப் பதில் பணம் தரும் முறை, நாட்டிலேயே முதலில் 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. அதைப் பொருளாதார ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட எல்லாருக்கும் பணம் போய்விட்டது என்றது அரசுப் பதிவேடு. ஆனால், கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், வரவில்லை என்றார். பதிவேட்டில் பொய் எழுதியிருக்கவேண்டும் என்பதில்லை. சிலருக்குப் பணம் வந்ததே தெரியவில்லை. சிலருக்கு, எடுக்க முடியாத கணக்குக்குப் போயிருந்தது. சில இடங்களில் அனுப்பியதிலேயே பிழை.

அரிசி குறைந்தால் தராசில் தெரியும், புழுத்திருந்தால் கையில் எடுத்ததும் தெரியும். கடைக்காரரைத் தெருவிலேயே நிறுத்திக் கேட்கலாம். பணம் வராதபோது யாரைக் கேட்பது? கடையில் நடக்கும் திருட்டைப் பணம் தடுக்கிறது. கூடவே, நாம் பார்த்துக்கொண்டிருந்ததையும் மறைத்துவிடுகிறது.

அந்த வாசகிக்கும், உதவித்தொகை வராமல் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆதாரை வைத்து அனுப்பும் பணம், நீங்கள் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். அது சுயஉதவிக் குழுவுக்காகத் திறந்த பழைய கணக்காகவும் இருக்கலாம். எந்த வங்கி என்று முதலில் வங்கிக் கிளையில் கேளுங்கள். பிறகு பாஸ்புக்கில் வரவு போட்டுப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால், துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 'ஏன் தரவில்லை?' என்று எழுதினால் பதில் சுற்றி வளைத்து வரும். 'என் அட்டைக்கு எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எந்த வங்கிக்கு அனுப்பப்பட்டது?' என்று எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தரவேண்டும். மனுவின் நகலையும் அனுப்பிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கு அது வேண்டியிருக்கும்.