தளர்ந்த காலும் விறைத்த காலும்

கைகால்கள் வலுவிழந்தால் அதனை வாதம் என்னும் ஒரே சொல்லாற் குறிப்பது மக்கள் வழக்கு. ஆனால், வலுவிழந்த கால்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. ஒரு கால் துணிபோலத் துவண்டு கிடக்கும். மற்றொரு கால் மரம்போல விறைத்து நிற்கும். இவ்வேற்றுமையைக் கொண்டே நரம்புப் பாதையில் எவ்விடம் பழுதுற்றது என்பதை மருத்துவர் அறிந்துகொள்கின்றனர்.

மூளையிலிருந்து தசைவரை கட்டளை செல்லும் பாதையில் இரு படிகள் உள்ளன. முதற்படியான மேல் இயக்க நரம்பு மூளையின் மேற்பரப்பிற் றொடங்கி முண்ணாண் வழியாக இறங்குகின்றது. அது முண்ணாணில் முடியுமிடத்தில் இரண்டாம் படியான கீழ் இயக்க நரம்பு தொடங்கித் தசையைச் சென்றடைகின்றது. எப்படி பழுதுற்றாலும் தசை வலுவிழக்கும். அங்ஙனமாயின் இரண்டையும் வேறுபிரித்தறிவது எவ்வாறு?

முழங்காற் சில்லின் கீழுள்ள தசைநாணைச் சிறு சுத்தியலாற் றட்டினால் கால் முன்னோக்கித் துள்ளுகின்றது. இதுவே தெறிவினை. தட்டியபொழுது தசை இழுபடுகின்றது; அச்செய்தி உணர்நரம்பு வழியாக முண்ணாணை அடைந்து, கீழ் இயக்க நரம்பு வழியாகத் தசைக்கே திரும்புகின்றது. இச்சுற்றுக்கு மூளை வேண்டியதில்லை. மூளையிலிருந்து இறங்கும் பாதை அதனை அடக்கி ஆளுகின்றது. ஆகவே கீழ் நரம்பு அறுந்தால் சுற்றே அறுந்து தெறிவினை மறையும். மேல் நரம்பு அறுந்தாலோ, சுற்று நிலைத்திருக்க அடக்குமுறை மட்டும் நீங்குவதால், தெறிவினை மிகையாகும்.

ஓய்வாயிருக்கும் தசையிலும் ஓரளவு இறுக்கம் உண்டு. அதனைக் காப்பதும் இச்சுற்றே. ஆதலின் கீழ்ப்பழுதில் தசை தளர்கின்றது, மேற்பழுதில் இறுகுகின்றது. அவ்வாறு இறுகிய காலை விரைந்து மடக்க முயன்றால் முதலில் எதிர்த்துப் பின் சட்டென இணங்கும். தசையின் பருமனும் கீழ் நரம்பின் தொடர்பைச் சார்ந்தது. அது அறுந்தால் சில வாரங்களிலேயே தசை மெலியத் தொடங்கும். மேற்பழுதில் அத்தொடர்பு நிலைத்திருப்பதால், பயன்படுத்தாமையால் வரும் சிறு மெலிவே காணப்படும்.

இவ்விரண்டும் அடுத்தடுத்து ஒரே உடலில் வெளிப்பட்ட நிகழ்ச்சியொன்று இலங்கையிலேயே பதிவாகியுள்ளது. 1977, 1978ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் பெண்பிள்ளைகள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் கால்கள் வலுவிழந்து மருத்துவமனைகளை நாடினர். அனைவரும் அண்மையிற் பூப்பெய்தியவர்கள். அக்காலத்தில் வழக்கப்படி கொடுக்கப்பட்ட நல்லெண்ணெயில் முக்கிரெசைல் பொசுபேற்று என்னும் நஞ்சு கலந்திருந்தமை ஆராய்ச்சியிற் புலனாயிற்று. முன்னர்க் கனிய எண்ணெய் ஏற்றிய கலங்களில் நல்லெண்ணெயைக் கொண்டுசென்றதால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதினர்.

இந்நஞ்சு உடனே தன் தொழிலைக் காட்டுவதில்லை. ஒன்றிலிருந்து மூன்று வாரங்கள் சென்றபின்னரே கெண்டைக்காலில் நோவும், தொடர்ந்து பாதத்தில் வலுவிழப்பும் தோன்றுகின்றன. நீண்ட நரம்புகளின் நுனிகள் முதலிற் பழுதுறுவதே காரணம். பாதம் தொங்கும், கணுக்காற் றெறிவினை மறையும், கால் தசைகள் தளர்ந்து மெலியும். இவை யாவும் கீழ் இயக்க நரம்பின் பழுதுக்குரிய குறிகள்.

ஆனால், அதே நஞ்சு முண்ணாணில் இறங்கும் நீண்ட மேல் நரம்புகளையும் தாக்குகின்றது. தொடக்கத்தில் இது தெரிவதில்லை. கட்டளையைத் தசைக்குச் சேர்க்கும் கீழ் நரம்பே செயலற்றிருக்கையில், மிகையான தெறிவினை வெளிப்பட வழியேது? வாரங்கள் செல்லச் செல்ல, புறநரம்புகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அளவில் வளர்ந்து மீள்கின்றன. அப்பொழுதுதான் மறைந்திருந்த மேற்பழுது வெளிப்படுகின்றது. கால்கள் இறுகுகின்றன, முழங்காற் றெறிவினை மிகையாகின்றது, உள்ளங்காலின் வெளியோரத்தைக் கீறினால் பெருவிரல் கீழே மடங்காது மேல்நோக்கி எழுகின்றது. 1896இல் பபின்ஸ்கி என்னும் பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக்காட்டிய இக்குறி, வளர்ந்தோரிடத்து மேற்பழுதுக்கு நம்பத்தக்க சான்றாகும்.

தளர்ந்த கால் இறுகுவதைக் கண்ட பெற்றோர், வலு திரும்பிவிட்டது என மகிழ்வது இயல்பே. ஆயின் மருத்துவர் அதனை இருவகையாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். புறநரம்பு மீள்வது உண்மையே. முண்ணாணின் நரம்பிழைகளோ அவ்வாறு வளர்ந்து மீள்வதில்லை. தொங்கிய பாதம் நிமிர்ந்த பின்னரும் நடையில் விறைப்பு எஞ்சுவது இதனாலேயே.

இக்குறிகளைக் கொண்டு தீர்ப்புக் கூறுவதிற் காலத்தையும் நோக்கவேண்டும். முண்ணாண் திடீரென நசுங்கினாலோ, மூளையில் இரத்தவோட்டம் தடைப்பட்டாலோ, பழுது மேல் நரம்பிலே இருந்தும் முதல் நாட்களில் உறுப்பு தளர்ந்தும் தெறிவினை குன்றியும் இருக்கலாம். விறைப்பு நாட்களோ வாரங்களோ கழித்தே வரும். ஆகவே முதல் நாளிற் கண்ட தளர்ச்சியை மட்டுங் கொண்டு கீழ்ப்பழுது என முடிவுகட்டாது, சுத்தியலைச் சில நாட்களின்பின் மீண்டும் எடுப்பதே தக்கது.